பூனைக்குட்டி கேட்டு மகள் எழுதிய கடிதம், சாட்சிக் கையெழுத்து தாத்தா

உறையூர்க்காரி | ஜூன் 14, காலை 11:20

நேற்று ராத்திரி என் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் எழுதியது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், சிவப்புப் பேனாவில் மார்ஜின். அப்படியே தருகிறேன்.

"அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,
நான் கீழ்க்கண்ட வேலைகளைத் தினமும் செய்வேன்.
1. எழுந்ததும் பாய், போர்வை மடிப்பேன்.
2. எல்லாத் தண்ணி பாட்டிலும் நிரப்புவேன்.
3. துளசிக்குத் தண்ணி ஊற்றுவேன்.
4. காய்ந்த துணி எடுத்து மடிப்பேன். அப்பா லுங்கியும்.
5. தம்பியை அடிக்க மாட்டேன். அவன் முதலில் அடித்தாலும்.
6. பூனைக்குட்டிக்குப் பால் வைப்பேன்.
7. அது கக்கா போனால் நானே அள்ளுவேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு.
இதற்குப் பதிலாக அண்ணாச்சி கடைக் குட்டியை நாம் வளர்க்க வேண்டும். மூணு கலர் பையன். ஒரு நாள் நான் வேலை செய்யாவிட்டாலும் நீங்கள் குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்."

கீழே அவள் கையெழுத்து. அதற்கும் கீழே "சாட்சி" என்று போட்டு என் மாமனாரின் கையெழுத்து, தேதியோடு. ரிட்டயர்டு தபால்காரர், தேதி போடாமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார்.

நிலவரம் இதுதான். திருச்சியில் வாடகை வீடு, இரண்டாம் மாடி. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. நாத்தனார் ஆவணியில் பிரசவத்துக்கு இங்கே வருகிறாள். குட்டி இருப்பது தெருமுனை மளிகைக் கடையின் குடோனில், தாய்ப்பூனையோடு மொத்தம் மூன்று. ஒரு மாதம் இருக்கும் என்கிறார் அண்ணாச்சி.

நான் கேட்பது குட்டி வேண்டுமா வேண்டாமா என்று அல்ல. இந்தக் கடிதத்தை நம்பலாமா? இவள் சொல்லும் ஏழில் எது நடக்கும், எது என் தலையில் விழும்?

ஊர்சுற்றி_பாலா | ஜூன் 14, காலை 11:52

மேடம், தெருக்குட்டி எதற்கு? பாரசீகப் பூனை வாங்குங்கள், சாதுவாக இருக்கும். என் நண்பர் ஒருவர் விற்கிறார், உள்பெட்டியில் நம்பர் தருகிறேன்.

உறையூர்க்காரி | ஜூன் 14, மதியம் 12:05

வேண்டாம் சார். அவள் எழுதியது அந்த ஒரு குட்டிக்காக.

நெல்லைமாமா | ஜூன் 14, மதியம் 12:30

இதுக்கெல்லாம் இழை போடணுமாம்மா? எங்க வீட்டில் எந்நேரமும் நாலு பூனை கிடக்கும். காலையில் பால், மத்தியானம் தயிர்சாதம், அவ்வளவுதான். யாரும் ஊசி போட்டதில்லை, மணல் தட்டு வைத்ததில்லை. தானா வளர்ந்துச்சு. பிள்ளை ஆசைப்படுது, வாங்கிக் கொடுங்க. ஆனா ஒண்ணு, கர்ப்பிணி இருக்கிற வீட்டில் பூனை கூடவே கூடாது. பிரசவம் முடியட்டும்.

இருபிள்ளைத்தாய் | ஜூன் 14, மதியம் 1:15

அக்கா, என் கதையைக் கேளுங்கள். பெரியவன் இதே மாதிரி எழுதிக் கொடுத்து லவ்பேர்ட்ஸ் வாங்கினான். சரியாகப் பத்தொன்பது நாள் கூண்டைச் சுத்தம் செய்தான். இருபதாம் நாள் காய்ச்சல். காய்ச்சல் போனது, கூண்டு மட்டும் திரும்ப அவன் கைக்குப் போகவே இல்லை. மூன்று வருடம் நான்தான் செய்தேன். காகிதத்தை லேமினேட் செய்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தேன், அதைப் பார்த்துக்கொண்டேதான் தினம் கூண்டு கழுவினேன்.

புளியமரம் | ஜூன் 14, மாலை 6:40

கோவையில் பதினோரு வருடமாகத் தாயில்லாக் குட்டிகளை வீட்டில் வைத்து வளர்த்து ஆட்களிடம் கொடுக்கிறேன். இந்த மாதிரிக் கடிதங்கள் நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் மகளுடையது நல்ல கடிதம், ஆனால் ஏழில் ஐந்து பூனைக்கானதே அல்ல. பாய், பாட்டில், துளசி, லுங்கி, தம்பி, இதெல்லாம் உங்களுக்குக் கொடுக்கும் லஞ்சம். பூனைக்கு உள்ளவை ஆறும் ஏழும்தான். அதில் ஆறு தப்பு.

எனக்குப் பயம் தருவது கடைசி வரி. ஒரு நாள் செய்யாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறாள். ஒரு நாள் லுங்கி மடிக்கவில்லை, பூனையைக் குடோனில் கொண்டுபோய் விடுவீர்களா? மாட்டீர்கள். மாட்டீர்கள் என்று ஒரு வாரத்தில் அவளுக்கே தெரிந்துவிடும், அன்றைக்குக் கடிதம் செத்துப்போகும். அப்படி இல்லாமல் சொன்னபடி செய்துவிட்டீர்கள் என்று வையுங்கள். இரண்டு மாதம் வீட்டுக்குள் வளர்ந்த குட்டியைத் தாய் ஏற்றுக்கொள்ளாது, எலி பிடிக்கவும் அதற்குத் தெரியாது. லுங்கி மடிக்காததற்குத் தண்டனை பூனைக்கு.

ஆகவே முதல் ஐந்தையும் பிரித்து எடுங்கள். அதை அவள் செய்யட்டும், செய்யாமல் போகட்டும், பூனையோடு முடிச்சுப் போட வேண்டாம். பூனை வேலையை மட்டும் வைத்துப் புதுக் கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மூணு கலர் என்றால் அது அநேகமாகப் பையன் இல்லை. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை மூன்றும் சேர்ந்த பூனை பெண்ணாகத்தான் இருக்கும், ஆண் மிக அபூர்வம். ஐந்தாறு மாதத்தில் கருத்தடை அறுவைக்கு இப்போதே மனதில் இடம் ஒதுக்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஆறாம் மாதமே வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

வக்கீல்குமாஸ்தா | ஜூன் 14, இரவு 8:10

சட்டப்படி பார்த்தால் பாப்பா தப்பித்தாள். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் 11ஆம் பிரிவின்படி மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி கிடையாது. மைனர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. தாத்தா சாட்சி போட்டாலும், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினாலும் அவளைக் கட்டாது.

கணக்குவாத்தியார் | ஜூன் 14, இரவு 8:25

மைனராக இல்லாவிட்டாலும் குடும்பத்துக்குள் பேசிக்கொள்வதைக் கோர்ட் ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளாதே? கணவன் மனைவி வழக்கு ஒன்று இருக்கிறது.

வக்கீல்குமாஸ்தா | ஜூன் 14, இரவு 8:31

பால்ஃபர் வழக்கு, 1919. சரிதான் சார். ஆனால் பெற்றவர்களைக் கட்டுகிற சட்டம் ஒன்று இருக்கிறது. 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், பட்டினியும் தாகமுமாகத் தவிக்கும் நிலையில் பிராணியைக் கைவிடுவதும் குற்றம். அந்த வழக்கு பாப்பா மேல் வராது, அப்பா அம்மா மேல்தான் வரும்.

கணக்குவாத்தியார் | ஜூன் 14, இரவு 9:05

புளியமரம் அம்மா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு இல்லை. பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் ஆகிறது. பிள்ளை தானே விலை நிர்ணயித்து எழுதியிருக்கிறாள். லுங்கி மடிப்பது பூனைக்குச் சம்பந்தமில்லை என்று நாம் வெட்டிவிட்டால், நாளைக்கு ஏன் மடிக்க வேண்டும் என்று கேட்பாள். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று கிடைக்கும் என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள், அதை ஏன் கெடுக்க வேண்டும்? ஏழையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தண்டனையை மட்டும் மாற்றுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் டிவி கிடையாது, இப்படி ஏதாவது.

புளியமரம் | ஜூன் 14, இரவு 9:40

சார், ஏழு வேலையைத் தினமும் செய்யும் பெரியவர் நம்மில் எத்தனை பேர்? ஏழில் நான்கு செய்தால் அவள் மனதில் தேறிவிட்டாள். அந்த நான்கில் கக்கா இருக்காது. லுங்கிதான் இருக்கும். அதனால்தான் பிரிக்கச் சொல்கிறேன்.

நெல்லைமாமாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். மாமா, உங்கள் வீட்டுப் பூனைகள் தயிர்சாதத்தில் வளரவில்லை. தயிர்சாதம் பலகாரம். வெளியே போய் எலி, ஓணான், பல்லி, வெட்டுக்கிளி என்று பிடித்துத் தின்றுதான் வளர்ந்தன. இரண்டாம் மாடியில் கதவடைத்து வளர்க்கும் குட்டிக்கு அந்த வழி இல்லை. பூனைக்கு டாரின் என்ற சத்து தினமும் உணவிலிருந்தே வர வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. வருடக்கணக்கில் கிடைக்காவிட்டால் கண் பார்வை போகும், இதயம் வீங்கும். வெளியில் பார்த்தால் கொழுகொழு என்றுதான் இருக்கும்.

பசும்பால் வேண்டவே வேண்டாம். தாய்ப்பால் மறக்கும் வயதில் பாலைச் செரிக்கும் சக்தி குறைந்துகொண்டே வரும். வயிற்றுப்போக்கு பிடித்தால் அரைக்கிலோ குட்டிக்கு ஒரே நாளில் தண்ணீர் வற்றிவிடும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். எனவே ஆறாவது வரியில் "பால்" என்பதை அடித்துவிட்டுச் "சாப்பாடு" என்று எழுதச் சொல்லுங்கள்.

உறையூர்க்காரி | ஜூன் 14, இரவு 10:15

அப்படியானால் இறைச்சியா? மாமியார் சம்மதிக்கவே மாட்டார். எனக்கே கஷ்டம்தான்.

புளியமரம் | ஜூன் 14, இரவு 10:30

சமைக்க வேண்டாம். குட்டிகளுக்கான உலர் தீனி பாக்கெட் கடையில் கிடைக்கும், சத்து கணக்குப் பார்த்துத்தான் செய்கிறார்கள். ஆனால் அதுவும் இறைச்சியிலும் மீனிலும் செய்ததுதான், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நான் குட்டி கொடுத்த இரண்டு சைவ வீடுகளில் மூடி போட்ட தனி டப்பா, தனிக் கிண்ணம், பால்கனி ஓரத்தில் கழுவ ஒரு குழாய் என்று வைத்துக்கொண்டார்கள். பூனையை மட்டும் சைவமாக்க முடியாது. இது முடியாது என்றால் பூனை வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

நெல்லைமாமா | ஜூன் 14, இரவு 10:48

ஓணான் தின்னதை நானும் பார்த்திருக்கேன். சரி, ஒத்துக்கிறேன். கர்ப்பிணி விஷயத்தை விட்டுட்டீங்களே?

புளியமரம் | ஜூன் 15, காலை 7:20

விடவில்லை மாமா, அதற்குத் தனியாக எழுத வேண்டியிருந்தது. நீங்கள் பயப்படும் விஷயத்துக்குப் பெயர் டாக்ஸோபிளாஸ்மா. கருவைப் பாதிக்கக்கூடிய கிருமிதான், பயம் பொய்யில்லை. ஆனால் அது வருவது பூனையின் முடியிலிருந்தோ மூச்சிலிருந்தோ அல்ல, மலத்திலிருந்து. எல்லாப் பூனையிடமும் எப்போதும் இருக்காது. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று முதல் தடவை தொற்றிய பூனை, ஓரிரு வாரம் மலத்தில் அதன் முட்டைகளை வெளியேற்றும். குடோனில் தாய் கொண்டுவந்து போடும் எலியைத் தின்ற குட்டி என்பதால் உங்கள் குட்டிக்கு அது வர வாய்ப்பு இருக்கிறது.

கவனிக்க வேண்டியது இனிமேல்தான். வெளியே வந்த முட்டை உடனே தொற்றாது. தொற்றும் பக்குவத்துக்கு வரக் குறைந்தது ஒரு நாள், சில சமயம் ஐந்து நாள்கூட ஆகும். அதற்குள் அள்ளிக் கட்டி வெளியே போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது. உங்கள் மகள் கடிதத்தில் "தினமும்" என்று எழுதியிருக்கிறாளே, ஏழு வேலையிலும் அந்தச் சொல்லுக்கு உண்மையான அர்த்தம் இருப்பது ஏழாவதில் மட்டும்தான். துளசிக்கு ஒரு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் ஒன்றும் ஆகாது. கக்கா தட்டை இரண்டு நாள் அள்ளாமல் விட்டால் கணக்கே மாறிவிடும்.

நாத்தனார் தட்டைத் தொடவே கூடாது, அது நிற்கும் பக்கம் போகவும் வேண்டாம். வந்ததும் அவருடைய டாக்டரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். மகள் கையுறை போட்டுக்கொண்டு அள்ளி, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அதை யாராவது பெரியவர் நின்று பார்க்க வேண்டும். பத்து வயதில் அள்ளுவார்கள், கை கழுவ மாட்டார்கள்.

இருபிள்ளைத்தாய் | ஜூன் 15, காலை 9:00

தட்டை ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் கிருமி செத்துவிடாதா?

புளியமரம் | ஜூன் 15, காலை 9:12

ஃபினாயில் பூனைக்கு விஷம். காலில் பட்டதை நக்கியே உள்ளே போய்விடும். பூனை நடக்கும் தரையிலும் வேண்டாம். நல்ல கொதிநீரும் சோப்புத் தூளும் போதும், ஆனால் கொதிநீரைப் பெரியவர்தான் ஊற்ற வேண்டும்.

உறையூர்க்காரி | ஜூன் 15, மதியம் 1:30

அள்ளும் வேலையை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது. தட்டில் என்ன போடுவது? ஆற்று மணல் இப்போது தங்க விலை.

புளியமரம் | ஜூன் 15, மதியம் 2:10

பழைய பிளாஸ்டிக் டப் ஒன்று, குட்டி ஏறி இறங்கும் உயரத்தில். சலித்த மணலோ மரத்தூளோ நான்கு விரல்கடை ஆழம். கடையில் விற்கும் கட்டியாகிற மண் குட்டிக்கு வேண்டாம், சில குட்டிகள் தின்றுவிடும், வயிற்றில் போய்க் கட்டிக்கொள்ளும். அள்ளுவதற்குப் பழைய ஜல்லிக்கரண்டி, மறுபடி சமையலறைக்குள் வராத ஜல்லிக்கரண்டி.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம்கூட ஆகாது. ஆறு மணிக்கு என்று நேரம் எழுதாதீர்கள், அவளுக்கு நேரம் தெரியாது. "பல் தேய்ப்பதற்கு முன்", "ஸ்கூல் யூனிஃபார்ம் கழற்றுவதற்கு முன்" என்று எழுதுங்கள். தினம் நடக்கிற காரியத்தின் மேல் கட்டினால்தான் நிற்கும். லவ்பேர்ட்ஸ் கூண்டில் அந்தக் கட்டு இல்லாததால்தான் காய்ச்சலோடு அறுந்தது என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டுக் கணக்கையும் பாருங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு நாளைக்கு நாலு வேளை. காலை, சாயங்காலம், ராத்திரி அவள் இருப்பாள். மத்தியானம்?

உறையூர்க்காரி | ஜூன் 15, மதியம் 2:25

மத்தியானம் வீட்டில் மாமனார்தான். மாமியார் கோயிலுக்குப் போய்விடுவார்.

வக்கீல்குமாஸ்தா | ஜூன் 15, மதியம் 2:40

அப்படியானால் தாத்தா சாட்சி அல்ல, பங்குதாரர். அவர் மேஜர். அவரிடம் எழுதி வாங்குங்கள்.

புளியமரம் | ஜூன் 15, மாலை 5:50

சிரித்துவிட்டேன். ஆனால் முழுக்கச் சரி.

இப்போது குட்டியின் வயது. ஒரு மாதம் என்றால் தயவுசெய்து இப்போது தூக்காதீர்கள். எட்டு வாரமாவது தாயிடம் இருக்கட்டும். பல் பட்டால் வலிக்கும், நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அது தாயிடமும் கூடப் பிறந்ததிடமும்தான் கற்றுக்கொள்ளும். சீக்கிரம் பிரித்த குட்டிதான் பிள்ளைகளின் கையைக் கடித்துக் குதறும்.

ஆக உங்களுக்கு நான்கு வாரம் கையில் இருக்கிறது. வாக்குறுதியைச் சோதிக்க வெற்றுத் தட்டை வைத்து அள்ளச் சொல்கிற வீடுகள் உண்டு, எனக்கு அது பிடிக்காது, பிள்ளையைக் கேலி செய்வது மாதிரி. இங்கே நிஜ வேலையே இருக்கிறது. அண்ணாச்சி கடையில் தராசு இருக்குமே? வாரம் ஒரு தடவை, ஒரே கிழமை ஒரே நேரம், ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து எடை போட்டு நோட்டில் எழுதட்டும். இந்த வயதில் வாரம் நூறு கிராம் வாக்கில் ஏற வேண்டும். நாலு வாரக் குட்டி நானூறு கிராம் சுமாருக்கு இருக்கும், எட்டு வாரத்தில் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள். எடை ஏறாத வாரம் ஏதோ கோளாறு. அது நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் தராசுக்குத் தெரிந்துவிடும்.

கணக்குவாத்தியார் | ஜூன் 15, மாலை 6:15

இது நல்ல யோசனை. வரைபடத் தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

உறையூர்க்காரி | ஜூலை 1, இரவு 9:30

நீங்கள் சொன்ன மாதிரியே செய்தோம். அண்ணாச்சி மின் தராசில் பருப்பு மூட்டையை இறக்கிவிட்டுக் குட்டியை வைக்கிறார், கடைக்கு வருபவர்கள் எல்லாம் வேடிக்கை. ஜூன் 16இல் 430. 23ஆம் தேதி 520. நேற்று 540.

வாரம் முழுக்க இருபது கிராம்தான். மகள் அழுதுகொண்டே வந்தாள். வயிறு மட்டும் உப்பியிருக்கிறது, பின்பக்கம் ஈரமாக இருக்கிறது. ஓடி விளையாடத்தான் செய்கிறது.

நெல்லைமாமா | ஜூலை 1, இரவு 9:41

வயிறு உப்பியிருந்தா நல்லாச் சாப்பிடுதுன்னு அர்த்தம்மா.

புளியமரம் | ஜூலை 1, இரவு 9:55

இல்லை மாமா, உப்பின வயிறும் ஏறாத எடையும் சேர்ந்தால் பெரும்பாலும் குடற்புழு. தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். அண்ணாச்சி பால் ஏதும் ஊற்றுகிறாரா என்றும் கேளுங்கள். கழுத்துத் தோலை மெதுவாகக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே சமமாகப் படிந்தால் நாளைக் காலை போகலாம். கூடாரம் மாதிரி நின்றால் தண்ணீர் வற்றுகிறது, விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அரசு கால்நடை மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள், மூன்றையும். புழு மருந்து எடைக்குத் தகுந்துதான் கொடுப்பார்கள், அதனால் நோட்டையும் எடுத்துப் போங்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம்.

உறையூர்க்காரி | ஜூலை 2, மதியம் 3:10

தோல் உடனே படிந்தது. காலையில் போனோம். புழுதான். மூன்றுக்கும் மருந்து கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு "யார் எழுதினது?" என்று கேட்டார். இவள் அப்படியே நிமிர்ந்துவிட்டாள்.

அண்ணாச்சி தினமும் டீக்கு மீந்த பாலை ஊற்றியிருக்கிறார், சர்க்கரையோடு. நிறுத்தச் சொல்லியாகிவிட்டது.

அப்புறம் பெண் குட்டிதான்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. டாக்டர் ரூமில் மகளின் கையைப் பார்த்தேன், மணிக்கட்டில் ஒரு கீறல், இரண்டு நாள் பழையது. கேட்டால் பூவரச மரம் கிழித்தது என்கிறாள். எங்கள் தெருவில் பூவரச மரமே இல்லை.

புளியமரம் | ஜூலை 2, மாலை 4:00

நீங்கள் கேட்ட எல்லாவற்றிலும் இதுதான் பெரிது. அவள் ஏன் மறைத்தாள் தெரியுமா? கடைசி வரி. ஏதாவது தப்பாகிவிட்டால் குட்டி போய்விடும் என்று அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஊசி போடாத தெருக்குட்டியின் கீறலை இரண்டு நாள் மறைத்திருக்கிறாள்.

இன்றே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம், தேவையா இல்லையா என்று அவர்கள் சொல்லட்டும். இனிமேல் கீறினாலோ கடித்தாலோ உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம்.

புதுக் கடிதத்தில் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரி வேண்டும். கீறியதைச் சொன்னாலோ, வேலையை மறந்துவிட்டேன் என்று சொன்னாலோ அதற்காகக் குட்டியை அனுப்ப மாட்டோம் என்று.

கணக்குவாத்தியார் | ஜூலை 2, மாலை 6:30

அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை செய்ய என்ன கட்டாயம்?

புளியமரம் | ஜூலை 2, மாலை 6:45

கட்டாயம் இல்லை சார். பூனை கத்தும், அவ்வளவுதான்.

கணக்குவாத்தியார் | ஜூலை 2, மாலை 6:52

எனக்கு இன்னும் ஒப்பவில்லை. பூனை கத்தினால் இவர்கள்தான் எழுந்து போவார்கள்.

இருபிள்ளைத்தாய் | ஜூலை 2, இரவு 7:30

வாத்தியார் சொல்வதுதான் நடக்கும். என் வீட்டில் நடந்தது.

உறையூர்க்காரி | ஜூலை 16, இரவு 10:05

கீறலைக் காட்டிவிட்டு வந்தோம், ஊசித் தவணை போட்டிருக்கிறார்கள், அழாமல் போட்டுக்கொள்கிறாள். ஜூலை 7இல் எடை 650, 14இல் 750. அன்றே இரண்டாம் தடவை புழு மருந்து, முதல் தடுப்பூசி. வெறிநோய்க்கான ஊசி மூன்று மாதம் ஆனதும். நேற்று குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

புதுக் கடிதம் இது. ஒரு பக்கம்தான்.

"பல் தேய்க்கும் முன்னும் யூனிஃபார்ம் கழற்றும் முன்னும் தட்டு அள்ளுவேன். கை கழுவும்போது யாராவது பார்க்கலாம். காலை, சாயங்காலம், ராத்திரி சாப்பாடு நான். மத்தியானம் தாத்தா. பரீட்சை நாளில் காலைத் தட்டு அப்பா. திங்கள்கிழமை எடை. கீறினால் பூவரச மரம் என்று சொல்ல மாட்டேன்."

மறுபக்கம் நாங்கள்: "ஊசி, டாக்டர், ஆபரேஷன் செலவு எங்களுடையது. தப்பு நடந்ததைச் சொன்னால் குட்டியை அனுப்ப மாட்டோம். அத்தை இருக்கும்வரை தினமும் தட்டை ஒரு பெரியவர் சரிபார்ப்பார்." தாத்தா இந்தத் தடவை சாட்சி என்று போடவில்லை, பெயர் எழுதித் தேதி போட்டார்.

லுங்கி, துளசி எதுவும் இதில் இல்லை. வாத்தியார் சார் சொன்னது நடந்துவிட்டது, துணி மடிப்பதை அன்றைக்கே நிறுத்திவிட்டாள். தீனி டப்பாவை எங்கே வைப்பது என்று மாமியாரோடு இன்னும் பேச்சுவார்த்தை, இப்போதைக்கு அது என் ஸ்கூட்டர் டிக்கியில் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

வக்கீல்குமாஸ்தா | ஜூலை 16, இரவு 10:20

வாடகைப் பத்திரத்தில் வளர்ப்புப் பிராணி பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர் மாடிப்படியில் பார்த்துக் கேட்பதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இருபிள்ளைத்தாய் | ஜூலை 23, காலை 10:40

அக்கா, ஒரு வாரம் ஆகிவிட்டது. தட்டு யார் கையில்?

உறையூர்க்காரி | ஜூலை 23, இரவு 9:15

எடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே ஒரு கணக்கு வைத்திருக்கிறாள், இன்றுதான் பார்த்தேன். ஏழு நாளைக்குப் பதினான்கு தடவை, பதின்மூன்று டிக். நேற்றைய வரியில் டிக் இல்லை, இப்படி எழுதியிருக்கிறது: "சாயங்காலம் அள்ளவில்லை. மறந்துட்டேன். தாத்தா அள்ளினார். தாத்தாவுக்கு மூக்கைப் பிடிக்கத் தெரியவில்லை, சொல்லிக் கொடுக்கணும்."